இடது கால் சறுக்கியதா?

அட்டுவம்பட்டி தாரணி ஆட்டத்தையே மாற்றிவிடுகிறாள் என்று யாரோ சொன்னதை, ஸ்டுடியோ முதலாளி சக்திவேல் நம்பிவிட்டார்.

ஆட்டக்காரர்களின் உடலில் மார்க்கர் எனும் சிறு அடையாள உருண்டைகளை ஒட்டிக் கணினியில் எடுக்கும் அசைவுப் பதிவைச் சுத்தம் செய்வது அவள் வேலை. பழனிக் காவடியாட்டக்காரர் ஞானவேலின் பதிவில் ஃபில்டர் போட்டு நடுக்கத்தை அடக்கினாள். பிறகு, தரையில் ஊன்றிய கால் சறுக்கிய இடங்களில் பாதத்தை அசையாமல் நிறுத்தினாள்.

"இடது கால் நட்டுவச்ச கம்பம் மாதிரில நிக்கிது. அவரு இழுத்து ஆடுனத அழிச்சிட்டியா? அப்டின்னா நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்றார் திரையைப் பார்த்த சக்திவேல்.

"ஃபில்டர் போட்டா கால் சறுக்குறது வழக்கந்தாங்க. அதத்தான் நிறுத்துனேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே சந்தேகம் தட்டியது. ஃபில்டர் போடாத மூலப் பதிவைத் திறந்தாள். அதிலும் இடது கால் சறுக்கியது. பாதத்தில் ஒட்டிய மார்க்கர் நழுவியதா, ஞானவேல் வேண்டுமென்றே இழுத்தாரா?

"அவர்கிட்டயே கேட்ருவோங்க" என்று போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.