சொந்தத் தாய்மாமன்

"உண்மைக்கு மாறான தகவல் அளித்தவர். எந்தப் பணிக்கும் பரிசீலிக்கத் தகுதியற்றவர்." அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலை ஒன்றில் மேகலாவைப் பற்றிப் பதிவாகியிருப்பது இதுதான். பஸ் கூட்டத்தில் கண்டக்டர் தவறவிட்டால், தானே கூப்பிட்டு டிக்கெட் வாங்குகிறவள் அவள்.

வேதியியல் பட்டம் பெற்று, ஜெயங்கொண்டத்து ஜவுளிக்கடையில் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆலையின் ஆய்வகத்துக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: உறவினர் யாரேனும் இங்கு பணிபுரிகிறார்களா? அம்மாவின் உடன்பிறந்த தம்பி பழனிவேல் அங்கே பேக்கிங் பிரிவில் ஃபோர்மேன். எழுதினாள். சிபாரிசு கேட்டதாகிவிடுமே என்று அவரிடம் மட்டும் சொல்லவில்லை. நேர்மையில்கூட அளவு வேண்டும்போலிருக்கிறது.

நேர்காணலில் மனிதவள அதிகாரி கலையரசி சிரித்தார்.

"இந்தப் பக்கம் எல்லாருக்கும் எல்லாரும் மாமாதான். இவரு எந்த மாமா?"

"சொந்தத் தாய்மாமா மேடம். ஃபார்ம்ல கேட்டிருந்தீங்க, எழுதினேன். நான் அப்ளை பண்ணதே அவருக்குத் தெரியாது. லேப்புக்கும் அவருக்கும் சம்பந்தமில்லைங்க. என் படிப்ப வச்சே பாருங்க."

கலையரசிக்குப் பிடித்துவிட்டது. உறவு தடையல்ல, ஒருவருக்குக் கீழ் மற்றவர் வேலை பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. வழக்கப்படி சரிபார்க்கப் பழனிவேலையும் கேட்டார்.

பழனிவேலுக்கு அந்த விதி தெரியாது. சொந்தக்காரி என்றால் கழித்துவிடுவார்கள் என்று பயந்து, "ஊர்க்காரப் பொண்ணு, உறவில்லை" என்று எழுதிக் கொடுத்தார். அக்கா மகளைக் காப்பாற்றிய மிதப்போடு மாலையில் ஜாங்கிரியும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"என்ன மாமா பண்ணிட்டீங்க? நான் ஃபார்ம்லயே உங்க பேரை எழுதியிருக்கேனே!"

"அடியே, ஒனக்காகத்தான்டி பொய் சொன்னேன்! ஒன்ன யாரு எழுதச் சொன்னது? ஊருக்கு ஒரு அரிச்சந்திரி!" என்று கத்தியவர், சட்டென்று குரல் இறங்கி, "அப்ப நான் மாட்டிக்கிட்டேனா?" என்றார்.

மறுநாள் கலையரசி போனில் அழைத்தார்.

"ரெண்டுல ஒண்ணு பொய்ம்மா. நீ சொன்னதுக்கு ஆதாரம் குடு, வேலை உனக்கு. ஆனா அவரு மேல நடவடிக்கை எடுத்துத்தான் ஆவணும். வேலையே போயிடலாம்."

ஆதாரத்துக்கா பஞ்சம்? மாமன் மடியில் உட்கார்ந்து அவள் காதுகுத்திக்கொண்ட படம் சுவரிலேயே தொங்கியது. அம்மா அதன் பக்கம் திரும்பவில்லை. பானையில் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்து நின்றாள். மாமாவின் சம்பளத்தில் அவருடைய இரண்டு பெண்களும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மேகலா ஆலைக்குப் போய், பழனிவேல் தனக்கு உறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.