ஒன்பது மணி ஏழான கதை

மெல்போர்னில் ஒரு பல் கிளினிக்குக்கு முன்பதிவுத் தளம் எழுதியவன் நான். காலை ஒன்பதுக்கு வரவேண்டிய அங்கிள் ஒருவர் மாலை ஏழுக்கு வந்து, பூட்டிய கதவின் முன் ஜூலைக் குளிரில் நின்றிருக்கிறார். மறுநாள் அவர் போனில் முறையிட்டபோது, “கண்ணாடியை மாத்துங்கோ அங்கிள்” என்று எரிந்து விழுந்தேன்.

“ஏழு எண்டுதான் தம்பி கிடக்கு.”

என் ஃபயர்பாக்ஸ் உலாவியில் ஒன்பதுதான். பக்கத்து மேசையின் குரோமில் திறந்தேன். மாலை ஏழு! தளத்தைச் சோதித்துத் தரும் சென்னை டெஸ்டரை அழைத்தேன்.

“என் குரோம்ல மதியம் ரெண்டரைங்க.”

சர்வர் அனுப்பிய நேரத்தில், அது எந்த ஊர் நேரம் என்ற குறிப்பை நான் வைக்கவே இல்லை. ஃபயர்பாக்ஸ் அதை உள்ளூர் நேரமாக எடுத்தது. அந்நாளைய குரோம் கிரீன்விச் நேரமாக எடுத்து, மெல்போர்னுக்குப் பத்து மணிநேரமும் சென்னைக்கு ஐந்தரை மணிநேரமும் கூட்டியது.

மாலையில் மன்னிப்புக் கேட்க அங்கிளை அழைத்தேன்.

“பரவாயில்லை தம்பி. நீங்கள் சொன்னபடியே புதுக் கண்ணாடிக்கு ஓடர் குடுத்திட்டன்.”