ஒரு தோட்டம், ஒரு மோட்டார்

என் தப்பை ஒரு பெண்ணின் தலையில் கட்டி, அவளுடைய வேலையைப் போக வைத்தேன். தொண்ணூறுகளின் நடுவில், கோவை கணபதியில் பம்ப் மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கணினிப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு.

மோட்டார் வாங்கும் விவசாயிகளின் விவரத்தையும் கேரண்டி கார்டுகளையும் கணினியில் ஏற்ற வேண்டும் என்றார் முதலாளி. விவசாயிகளுக்குக் கணினியில் ஒரு டேபிள், அதாவது அட்டவணை, போட்டேன். ஒரு தோட்டத்துக்கு ஒரு கிணறு, அதற்கு ஒரு மோட்டார் என்பது என் கணக்கு. அதனால் ஒவ்வொரு விவசாயியின் வரியிலேயே மோட்டார் எண்ணுக்கு ஒரு கட்டம், கார்டு எண்ணுக்கு ஒரு கட்டம் வைத்தேன்.

புதிதாகச் சேர்ந்திருந்த புரோகிராமர் அதைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தாள். அவளுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம். அவள் அப்பா பண்ணையத்தில் கூலி வேலை செய்பவர்.

"சார், மோட்டாருக்குத் தனி டேபிள் வேணுங்க. ரெண்டு டேபிளையும் இணைக்கற ஃபாரின் கீ அங்கதான் இருக்கோணும். ஒவ்வொரு மோட்டார் வரியிலயும் அது எந்த விவசாயியோடதுன்னு அவர் நம்பர் இருந்தாப் போதுங்க. ஒருத்தர் எத்தனை வாங்குனாலும் அத்தனை வரி வரும்."

"ஒருத்தர் எத்தனை மோட்டாரு அம்மணி வாங்குவாரு?"

"எங்கப்பா வேலை செய்யற தோட்டத்துல மூணு ஓடுதுங்க. தண்ணி கீழ போகப் போக புதுசா போர்வெல் போட்டுட்டே இருக்காங்க."

"பெரிய தோட்டக்காரரை வெச்சு ஊரையே அளக்காதே."

அவள் விடவில்லை. ஒரு தாளில் வரைந்தும் காட்டினாள். ஒரு மோட்டாருக்கு ஒரே கார்டுதான். ஆனால் மோட்டார் விற்ற பிறகுதான் கார்டு பிறக்கிறது. விற்காத மோட்டாருக்குக் கார்டு கிடையாது, மோட்டார் இல்லாமல் கார்டும் கிடையாது. ஆகவே கார்டுக்கும் ஒரு தனி டேபிள் வேண்டும், அதில்தான் மோட்டார் எண் இருக்க வேண்டும்; அதே எண் இரண்டாம் முறை ஏறாதபடி தடையும் போட வேண்டும். அவள் சொன்னது எல்லாம் சரிதான். ஆனால் நான், பதிவு செய்யும் திரைகளை முடித்துவிட்டேன், இனிப் பிரிக்க முடியாது என்று தாளை மேசை இழுப்பறையில் போட்டேன்.

அடுத்த வறட்சியில், இரண்டாவது போர்வெல் போட்டவர்கள் இரண்டாவது மோட்டார் வாங்கினார்கள். பதிவு செய்தவர்களுக்கு வேறு கட்டம் இல்லை. பழைய எண்களை அழித்துவிட்டுப் புதியவற்றை அடித்தார்கள்.

காரமடையிலிருந்து ஒருவர், கம்பிச்சுருள் எரிந்த மோட்டாரை டெம்போவில் ஏற்றி, கார்டோடு வந்தார். கணினியில் அவர் பெயருக்கு வேறு எண் இருந்தது.

"இது உங்க மோட்டார் இல்லீங்களே," என்றார் கவுண்ட்டரில் இருந்தவர்.

"ஏனுங்க, பின்ன பக்கத்துத் தோட்டத்துல கழட்டிட்டு வந்தேன்ங்கறீங்களா? வவுறெரிஞ்சு வந்திருக்கறேன், திருடன்னு வேற சொல்லிப்போடுங்க."

அப்படி ஒருவரல்ல, வரிசையாக வந்தார்கள். அழிந்த எண்களை எங்கிருந்து மீட்பது? முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"யாருங்க இந்த டேபிளைப் போட்டது?"

"அந்தப் பொண்ணுங்க," என்றேன்.

அவள் கதவருகில்தான் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். இழுப்பறையிலிருந்த அவள் தாளை நான் எடுத்து வந்து காட்டவில்லை. அன்று மாலையே அவள் கணக்கை முடித்து அனுப்பினார்கள். அனுபவச் சான்றிதழ் தரவில்லை.

பிறகு அவள் வரைந்தபடியே மூன்று டேபிள்களாகப் பிரித்தேன். டீலர்களிடம் இருந்த கார்டு நகல்களைக் கெஞ்சி வாங்கி, மாதக் கணக்கில் மறுபடி ஏற்றினோம். சில நகல்கள் கிழிந்திருந்தன, சிலவற்றில் எண் தெரியவில்லை. ஒவ்வொரு கார்டிலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. வேலை முடிந்ததும் முதலாளி பாராட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்து முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். "முடிஞ்சதை ஏனுங்க கிளறறீங்க?" என்றார். ஆனால் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட்டார். அதை எடுத்துக்கொண்டு கோபிக்குப் போனேன். அவள் ஒரு தட்டச்சு நிலையத்தில் வேலையில் இருந்தாள். நின்றபடியே படித்தாள்.

"நல்லா வேலை செஞ்சேன்னு எழுதியிருக்கீங்க. தப்பு என்னோடது இல்லைன்னு எங்கயும் இல்லீங்களே சார். போற பக்கமெல்லாம் அதைத்தான் கேக்கறாங்க."

அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன்: அந்த வடிவமைப்பு என்னுடையது, அவர் தவறைச் சுட்டிக்காட்டினார், நான் கேட்கவில்லை, பழியை அவர் மேல் போட்டேன். கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் போட்டேன். அவள் மடித்து வைத்துக்கொண்டு, அடித்துக்கொண்டிருந்த பக்கத்துக்குத் திரும்பினாள்.

இரண்டு மாதம் கழித்து சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் கூப்பிட்டார். கடிதம் நான் எழுதியதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்ப ஏன் சார் பொய் சொன்னீங்க?"

"என் வேலை போயிருமோன்னு பயந்துட்டேனுங்க."

சரி என்று போனை வைத்துவிட்டார். அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டதாகப் பிறகு தட்டச்சு நிலையத்துக்காரர் சொன்னார். அவளிடமிருந்து எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. வர வேண்டிய நியாயமும் இல்லை.