மைதாப் பசையும் எலிப்பொந்தும்

அந்த வருஷம் சிவகாசியில் எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு லைசென்ஸ் கிடைக்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது. அரிசி மூட்டைக்குப் பின்னால் எலிப்புழுக்கையைப் பார்த்த சுகாதார இன்ஸ்பெக்டர், "தீவாளி சீசனுக்கு முன்னால திரும்ப வருவேன். அப்பவும் இப்பிடி இருந்தா பூட்டிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சீசனில் வரும் வெளியூர் வியாபாரிகளை நம்பித்தான் எங்கள் குடும்பம் இருந்தது. நான் கர்த்தரிடம் முழங்காலிட்டேன். என் மனைவி துடைப்பத்தை எடுத்தாள்.

மூட்டைகளைச் சுவரை விட்டுத் தள்ளிப் பலகைமேல் ஏற்றினாள். மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் டி.டி.டி. பூச்சிமருந்துப் பொடி டப்பா இருந்தது.

"வெள்ளை மாவும் வெள்ளை மருந்தும் ஒரே பலகையிலயா? அவசரத்துல கை மாறிப் போனா?" என்றாள்.

மருந்து, பினாயில், சலவைச் சோடா எல்லாம் கொல்லைக் கொட்டகையில் ஒரு பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. அடுப்படியில் எலிப் பாஷாணமே கூடாது, கருவாடு வைத்த பொறி மட்டும்தான் என்றும் சொல்லிவிட்டாள்.

சுவரடியில் ஓர் எலிப்பொந்து இருந்தது. கடையில் மாவாட்டும் அக்கா முன்பு நாரணாபுரம் பட்டாசு ஆலையில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றியவர். "பொந்தை நான் அடைச்சிருதேன் தாயி" என்று மைதாப் பசை காய்ச்சி, காகிதத்தைத் திணித்து, சுவரோடு சுவராகத் தடவிவிட்டார். விடிந்து பார்த்தால் பசையையும் காணோம், காகிதத்தையும் காணோம்.

"எலிக்கு விருந்துல்ல வச்சிருக்கீக!" என்று சிரித்தாள் மனைவி.

"அங்கன ஆலையில பசையில மயில்துத்தம்னு விஷத்தப் போடுவாக, பூச்சி தொடாது. இது சோறாக்குற எடம்னு நான் போடலை தாயி."

பிறகு சிமெண்டில் கண்ணாடிச் சில்லைக் கலந்து அடைத்தோம். கதவின் அடியில் தகரம் அடித்தோம். ஆணியில் ஒரு நோட்டுத் தொங்கியது. எந்தப் பொறியில் எலி விழுந்தது, எதை அடைத்தோம், எங்கே கழுவினோம் என்று காலைதோறும் மனைவி எழுதினாள். சில நாளில் மற்றப் பொறிகளில் எலி விழுவது நின்றுவிட்டது. ஆட்டுக்கல் பக்கத்துப் பொறியில் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

நோட்டைப் புரட்டிவிட்டு அந்த மூலையில் குனிந்து பார்த்தாள். மாவு கழுவிய தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகும் துவாரம் திறந்தே கிடந்தது. இரும்பு வலை வைத்துச் சுற்றிலும் சிமெண்ட் பூசினோம். அதன்பின் அந்தப் பொறியும் காலியானது.

இன்ஸ்பெக்டர் வந்தார். முதலில் பினாயில் எங்கே என்று கேட்டார். கொட்டகைப் பெட்டியைத் திறந்து காட்டினேன். நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"எலி விழுந்ததையும் எழுதி வச்சிருக்கீங்களேம்மா?"

"விழுந்துச்சுல்லங்க, எழுதாம இருந்தா எந்தப் பக்கமா வருதுன்னு எப்பிடித் தெரியும்?"

அவர் குனிந்து வலையை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, லைசென்ஸில் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன்.

"அண்ணாச்சி ஜெபத்துக்கும் ஒரு பங்கு குடுங்க தாயி" என்றார் அக்கா.

"குடுக்கேன். முதல்ல அந்த ஆட்டுக்கல் பொறியைக் கழுவுங்கக்கா, சாயங்காலம் திரும்ப வைக்கணும்" என்றாள் மனைவி.