அடைப்புக்குறிக்குள் ஒன்பது கஜம்

ஆரணியில் பட்டுப் புடவை விற்கத் தெரியாதவர்கள் யார்? ஆனால் அதை இந்தியில் விற்கத் தெரிந்தவர்கள் சொற்பம். அந்தச் சொற்பத்தில் திலகவதிக்குத்தான் முதல் இடம் என்று அவளே சொல்லிக்கொள்வாள். அதில் பொய்யும் இல்லை.

வீரபாகுவின் ஜவுளிக்கடையில் அவளுக்கு வேலை போனில்தான். புடவையை விரித்துப் பிடித்து, முந்தானையை மடியில் போட்டு, கரையைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுபோய், நாக்பூர்க்காரிக்கும் இந்தூர்க்காரிக்கும் வீடியோவில் காட்டுவாள். அவளுக்கு இந்தியை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. போனில் பேரம் பேசிப் பேசியே வந்தது அது. அதனால் அவளுக்கு ‘அரக்கு’, ‘ஜரிகை’, ‘சாயம் போகாது’, ‘அக்கா, இதுக்கு மேல குறைக்க முடியாது’ எல்லாம் இந்தியில் அருவியாகக் கொட்டும். ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதைச் சொல்ல மட்டும் கொஞ்சம் யோசிப்பாள்.

சோலாப்பூர் சுபாங்கி முதலில் வாடிக்கையாளராகத்தான் வந்தாள். வீட்டின் முன்னறையிலேயே புடவை விற்பவள். நாளடைவில் புடவைப் பேச்சு குறைந்து, மாமியார் பேச்சு, முட்டிவலிப் பேச்சு, மகள் பேச்சு என்று வளர்ந்துவிட்டது. இரண்டு பேரும் நேரில் பார்த்ததே இல்லை. திலகவதி வெள்ளிக்கிழமைதோறும் அகிலாண்டேஸ்வரி அம்மனின் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பாள். சுபாங்கியின் மகள் அனுஜாவுக்கு இருதயத்தில் ஆபரேஷன் நடந்த வெள்ளிக்கிழமையும் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்த சுபாங்கி, ‘பிள்ளையைக் கொடுத்துவிடு தாயே, நானே உன் ஊருக்கு வந்து உனக்குப் புடவை கட்டுகிறேன்’ என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. இப்போது கல்லூரிக்குப் போகிறது.

அந்த வேண்டுதலைத் தீர்க்கத்தான் சுபாங்கி வந்திருந்தாள். காலையில் வந்து, மாலையில் புடவை சாத்திவிட்டு, காட்பாடியில் ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டும். மறுநாள் அனுஜாவை டாக்டரிடம் காட்டும் நாள் என்பதால், ஒரு நாள் கூடத் தங்க வழியில்லை.

வந்த நாளோ முகூர்த்த சீசன். கடையில் கால் வைக்க இடமில்லை. “நீ போய் அம்மனைப் பார்த்துவிட்டு வா, நான் இங்கிருந்தே உனக்கு எல்லாம் சொல்கிறேன்” என்று திலகவதி போனிலேயே சொல்லி அவளைக் கோயிலுக்கு ஆட்டோ ஏற வைத்தாள். அரை மணியில் வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. கோயில் வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகை. நீலத்தில் வெள்ளை எழுத்து. மேலே பூஜை நேரங்கள், கீழே காணிக்கைகள்.

கூடவே சுபாங்கியின் குரல் பதிவு: “என் போன் இதை மொழிபெயர்த்தது. காலையில் ஆறு மணிக்கு ‘நடப்பது திறக்கும்’ என்கிறது. பன்னிரண்டு மணிக்கு ‘நடப்பது மூடும்’ என்கிறது. உங்கள் அம்மன் வாக்கிங் போகிறாளா?”

திலகவதி கல்லாவுக்குப் பின்னால் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “இன்னாம்மா, வியாபாரத்த வுட்டுட்டு சிரிச்சிகினு கீற?” என்றார் வீரபாகு.

“கோயில் போர்டுங்க. அவங்களுக்குப் படிச்சு சொல்லணும், ரெண்டே நிமிஷம்.”

“ஜல்தி முடி. கஸ்டமர் நிக்கறாங்க.”

போட்டோவை விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாகக் குரல் பதிவில் சொல்லிக்கொண்டு போனாள். நடை திறப்பு என்றால் சன்னிதிக் கதவைத் திறப்பது. நடக்கிற நடை இல்லை. காலையில் காலசந்தி. நடுப்பகலில் உச்சிகாலம், அது முடிந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள், நாலு மணி வரை திறக்க மாட்டார்கள், வெயிலில் நிற்காதே. விளக்கு வைக்கிற வேளையில் சாயரட்சை. ராத்திரி கடைசிப் பூஜை அர்த்தஜாமம்; அதற்கு நீ ரயிலில் இருப்பாய். காணிக்கை வரிசைக்கு வந்தபோது அவளுக்கு உற்சாகம் கூடிவிட்டது. அர்ச்சனை என்றால் உன் பெயரும் நட்சத்திரமும் சொல்லிப் பூப்போடுவது. பாலபிஷேகத்துக்குப் பால் நீ வாங்கித் தர வேண்டும். சந்தனக்காப்பு என்றால் அம்மன் மேனி முழுக்க அரைத்த சந்தனத்தை அப்பி அலங்கரிப்பது. அதற்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கடைசி வரி புடவை சாத்துதல். “இதுதான் உன்னுடையது. சாயரட்சைக்கு முன்னால் அபிஷேகம் முடிந்ததும் திரை போட்டுக் கட்டுவார்கள். புதுப் புடவை, கட்டாத புடவை. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் இல்லை. அந்த வரியின் வால்பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னும் இரண்டு சொற்கள் இருந்தன. திலகவதியின் கண் அவற்றைப் பார்க்கத்தான் செய்தது, வாய் சொல்லவில்லை. குற்றம் அவள் தொழிலுடையது. கடையில் ஒவ்வொரு புடவைச் சீட்டிலும் கடைசியில் அடைப்புக்குறிக்குள் அளவுதான் இருக்கும், அது கிட்டத்தட்ட எப்போதும் ஆறு கஜம்தான். யாராவது அதைப் போய்ப் படித்துக் காட்டுவார்களா?

மத்தியானம் சுபாங்கி கடைக்கு வந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அழுதார்கள், நீ போனில் குண்டாகத் தெரிந்தாய் என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். பிறகு திலகவதி கடையையே தலைகீழாகப் புரட்டி ஒரு அரக்குப் புடவையை எடுத்தாள். மாம்பிஞ்சுக் கரை. வீரபாகு கூட, “நல்லா எடுத்துகின போ” என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது அபூர்வம்.

ஐந்து மணிக்குப் பர்மிஷன் வாங்கிக்கொண்டு திலகவதியும் கோயிலுக்கு வந்தாள். தட்டில் புடவை, பூ, பழம், வெற்றிலை. அபிஷேகம் முடிந்திருந்தது. குருக்கள் தட்டை வாங்கி, புடவையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். பிரித்துப் பார்க்கக் கூட இல்லை.

“என்னம்மா, இது ஆறு கஜம்தானே?”

“ஆமாங்க.”

“ஆளுயர அம்மன். பீடத்தோட சேர்த்துக் கட்டணும். வாசல்ல போர்டுல போட்டிருக்கே, ஒன்பது கஜம்னு.”

திலகவதி போனை எடுத்து அந்தப் போட்டோவைப் பார்த்தாள். அடைப்புக்குறிக்குள் ஒன்பது கஜம் கல்லுப்போல உட்கார்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து புடவைக்கு நடுவிலேயே புரண்டவள், ஒரு புடவையின் அளவைப் படிக்காமல் விட்டிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சுபாங்கி அவள் முகத்தையும் குருக்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன சொல்கிறார்?”

குருக்கள் நல்ல மனிதர். நிலைமையைப் புரிந்துகொண்டு குரலைத் தாழ்த்தினார். “வெளியூர்க்காரங்க, பாவம். பாதத்துல வச்சு எடுத்துக் குடுத்துடறேன். திரை போட்டிருக்கும். இருக்கற புடவையோட தீபாராதனை காட்டிடலாம். அவங்களுக்கு வித்தியாசம் தெரியப்போறதில்லை.”

உண்மைதான். அம்மனுக்கு ஏற்கெனவே ஒரு சிவப்புப் பட்டு தயாராக வைத்திருந்தார்கள். அரக்குக்கும் சிவப்புக்கும் விளக்கு வெளிச்சத்தில் யார் வித்தியாசம் பார்ப்பார்கள்? திலகவதி வாயைத் திறந்து இந்தியில் ‘எல்லாம் சரி’ என்றால் போதும். சுபாங்கி கும்பிட்டு, அழுது, திருப்தியோடு ரயிலேறிவிடுவாள். இந்த ஊரில் சுபாங்கிக்கு இருக்கும் ஒரே காது திலகவதி; ஒரே வாயும் அவள்தான். அது என்ன சொல்கிறதோ அதுவே நடந்ததாகிவிடும்.

அதை நினைத்தபோதுதான் அவளுக்குப் பயமே வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒருத்தி கொடுத்த வாக்கு. அதை இவள் பாதியில் மடித்து வைத்துவிட்டு முழுசு என்று சொல்வதா?

“கல்தி என்னுடையது” என்றாள் இந்தியில். “தப்பு என்னுடையது, அக்கா. பலகையில் ஒன்பது கஜம் என்று இருந்தது. நான் படிக்கவில்லை. இந்தப் புடவை அம்மனுக்குப் போதாது. காலடியில் வைத்துத் தருகிறேன் என்கிறார். ஆனால் கட்ட முடியாது.”

புடவை விற்கிற இந்தி அங்கே தடுமாறித் தடுமாறித்தான் வந்தது. சுபாங்கியின் முகம் சிறுத்துப்போனது. “நான் கட்டுகிறேன் என்றுதானே சொல்லியிருந்தேன்” என்றாள் மெதுவாக. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஒன்பது கஜமா? எங்கள் அம்மா செத்துப்போகிற வரைக்கும் ஒன்பது கஜம்தான் கட்டினாள். அதைக் கொண்டுவா என்றால் கொண்டுவந்திருப்பேனே! உன் ஊர் பட்டு ஊர்தானே, எங்கே கிடைக்கும் சொல்” என்றாள்.

திலகவதி பிராகாரத்துக்கு ஓடிவந்து வீரபாகுவுக்குப் போன் போட்டாள்.

“ஐயா, அந்த மெட்ராஸ் கல்யாண ஆர்டர், மடிசார் புடவை, பேக் பண்ணிட்டீங்களா?”

“ஆச்சே. காலைல பார்சல் போவுது. ஏன்?”

“அதுல பச்சைய எனக்குக் குடுங்க. அம்மனுக்கு.”

“இன்னா வெளாட்றியா? ஒன்பது கஜம் நம்மகிட்ட தறியில போடறதே எப்பயாவது. பார்ட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

“கல்யாணம் அடுத்த மாசம்தானேங்க. பார்ட்டிகிட்ட நான் பேசறேன். தறிக்காரர்கிட்டயும் நானே பேசறேன். இங்க தப்பு பண்ணது நானுங்க. அவங்க இன்னிக்கு ரயில் ஏறணும்.”

“பெரிய பேஜாரு உன்னோட” என்று போன் கட்டானது. திலகவதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குருக்களிடம் போய்க் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். “சாயரட்சைக்கு நேரமாறதும்மா” என்றார் அவர். ஆனாலும் திரையை எடுக்காமல், பூ தொடுப்பதில் ஏதோ குறை கண்டுபிடித்து நேரத்தை ஓட்டினார்.

நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைக்கும்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம். வீரபாகு செருப்பை எங்கேயோ உதறிவிட்டு, வேர்த்து விறுவிறுக்க உள்ளே வந்தார். கையில் கிளிப்பச்சைப் பட்டு. “மொதல்ல அந்த அரக்கக் குடு. மாத்திகிறேன். மீதிய அப்புறம் பேசிக்கலாம்” என்றார்.

சுபாங்கி பச்சைப் பட்டைத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். குருக்கள் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். “இது சரி. யார் பேருக்கும்மா சங்கல்பம்? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ.”

திலகவதி திரும்பி, “யார் பெயர் என்று கேட்கிறார்” என்றாள்.

“அனுஜா” என்று சொல்லி, நட்சத்திரத்தையும் சொன்னாள் சுபாங்கி. குருக்கள் அட்சதையை எடுக்கக் கையை நீட்டினார். அவள் விடவில்லை. “இன்னொன்றும் இருக்கிறது என்று சொல். என் தங்கை பெயர்.”

“உனக்குத் தங்கை இருக்கிறாளா? சொன்னதே இல்லையே. அவள் பெயர் என்ன?”

சுபாங்கி அவளுக்குப் பதில் சொல்லவில்லை. நேராகக் குருக்களைப் பார்த்து, தன் மராத்தி நாக்கை வளைத்து, தமிழில் ஒரே சொல் சொன்னாள்: “திலகவதி.”

எத்தனையோ பேருக்கு எவ்வளவோ மொழிபெயர்த்தவளுக்கு அதை மட்டும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. குருக்களுக்கே புரிந்துவிட்டது. “நட்சத்திரம்?” என்று அவளைப் பார்த்துக் கேட்டார். திலகவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரேவதி என்று சொல்வதற்குள் பின்னாலிருந்து வீரபாகு, “ரேவதிங்க, நம்ம கடைப் பொண்ணுதான்” என்றார்.