பஞ்சைக் கழுவிய நாள்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் பாசிதான். தோட்டத்தில் சின்னதாகக் குளம் கட்டி மீன் வளர்க்கும் பதினோரு வீடுகளுக்கு அவரே வைத்தியர். தண்ணீர் பச்சையாகிவிட்டது, மோட்டார் இரைகிறது, மீன் சாப்பிட மறுக்கிறது என்றால் அவருக்குத்தான் போன் வரும். வாளியும் வலையும் கட்டிய பழைய ஸ்கூட்டரில் வந்து சேருவார்.

அவர் மனைவி தையல்காரி. "நகத்தப் பாருங்க. நான் வாக்கப்பட்டது மனுஷனுக்கா தவளைக்கான்னே தெரியல" என்று சாப்பாடு போடும்போதெல்லாம் சொல்லுவாள். பாசி சிரித்துக்கொண்டே இன்னொரு முறை கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருவார். நகத்தில் ஏறிய பச்சை போகாது.

இளவயதில் அவர் ஒரு ஹோட்டலில் நீச்சல்குளம் சுத்தம் செய்தவர். அங்கே சட்டம் எளிது. தண்ணீரில் எதுவும் உயிரோடு இருக்கக்கூடாது, மூட்டை மூட்டையாகக் குளோரினைக் கொட்டு. அந்தப் புத்தியோடுதான் முதன்முதலாக ஒரு வீட்டு மீன்குளத்தில் இறங்கினார். வடிகட்டிப் பெட்டியிலிருந்த பஞ்சுகளை எடுத்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி, புதுசு போல வெளுத்து வைத்தார். வீட்டுக்காரர் மெச்சிக்கொண்டார். அடுத்த வாரம் எட்டு மீன்கள் மிதந்தன. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை, மீன்களை அள்ளிப்போக ஒரு வாளியை மட்டும் நீட்டினார். திட்டியிருந்தால் மறந்துபோயிருக்கும்.

பஞ்சில் வழவழவென்று படிந்திருக்கும் பழுப்பு அழுக்கு வெறும் அழுக்கு அல்ல, அது உயிர் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார். மீன் கழிப்பதெல்லாம் தண்ணீரில் விஷமாகும். அந்த விஷத்தைத் தின்று தீர்ப்பது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டம்தான். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் பட்டால் அது செத்துவிடும். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம், எந்தப் பஞ்சையும் அந்தந்தக் குளத்துத் தண்ணீரிலேயே அலசினார். அதுவும் ஒரு தடவைக்குப் பாதிப் பஞ்சுதான். "காசு வாங்கிட்டு அரைகுறையா வேலை பாக்கறான்" என்று சில வீடுகளில் முணுமுணுப்பார்கள். பாசி காதில் வாங்கமாட்டார்.

போஸ்ட்மாஸ்டர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது ஒரு வெயில் காலத்தில். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் அவர் போஸ்ட்மாஸ்டர்தான். அந்தக் குளத்தை இத்தனை நாளும் பார்த்துக்கொண்டது அவர் மனைவி. பாசிக்கு அந்த வீட்டில் வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேலை இருக்காது. அந்த அம்மா அவ்வளவு கெட்டி. வாரம் தவறாமல் மோட்டார்க் கூண்டைத் தானே தேய்த்துவிடுவார். இப்போது மூன்று மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

குளம் இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்ட அகலம், இடுப்பளவு ஆழம். பாசி கையை விட்டார். மணிக்கட்டுக்குக் கீழே கை காணாமல் போயிற்று. கல்லின்மேல் சலசலவென்று கொட்ட வேண்டிய தண்ணீர், சளி பிடித்த மூக்கு போல ஒழுகிக்கொண்டிருந்தது. மோட்டாரை இழுத்துப் பார்த்தார். கூண்டைச் சுற்றி அழுகிய இலை. வடிகட்டிப் பெட்டியைத் திறந்தார். நான்கு பஞ்சுகளும் கரிய சேறாகி நாறின. தண்ணீர் பஞ்சுக்குள் புகாமல் மேலே வழிந்து, வடிகட்டப்படாமலேயே குளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சேறு அழுக அழுகத் தண்ணீரில் வளரும் பச்சைப் பாசிக்கு அதுவே தீனி. போதாக்குறைக்குத் தண்ணீர் வரும் வால்வை யாரோ முக்கால்வாசி மூடியிருந்தார்கள்.

"இத யார் சார் மூடினது?"

"நான்தான். தண்ணி விழற சத்தத்துல அவ தூக்கம் கெடுமேன்னு ரெண்டு மாசம் முன்னாடி மூடினேன்."

"ஓட்டம் குறைஞ்சா குளம் இப்படித்தான் ஆகும் சார்."

"எனக்கு என்னப்பா தெரியும். இதெல்லாம் அவளோட ராஜ்யம்."

சன்னலோரக் கட்டிலில் அந்த அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் குளம் முழுக்கத் தெரியும். பச்சைதான் தெரிந்தது. உள்ளே ஆறு பொடி மீன்களும், பதினான்கு வருஷமாக அவர் வளர்த்த ஒரு பெரிய ஆரஞ்சு மீனும் இருந்தன. பெரியதற்கு மாப்பிள்ளை என்று பெயர். மற்றவை முண்டியடித்துத் தின்னும்போது அது மட்டும் ஒதுங்கி நிற்கும். தனியாகக் கூப்பிட்டுப் போட்டால்தான் வரும்.

"மாப்பிள்ளையப் பாத்து ஒரு மாசம் ஆச்சு பாசி. இருக்கானா?"

"இருக்கான்மா. வால் பட்டுது கையில."

வெளியே வந்ததும் போஸ்ட்மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தன நாளாகும்?"

"இன்னிக்குக் கூண்டைச் சுத்தம் பண்ணி, ரெண்டு பஞ்ச அலசி, அஞ்சில ஒரு பங்கு தண்ணி மாத்தறேன். அடுத்த வாரம் மீதி ரெண்டு. மூணு வாரத்துல தெளிஞ்சிடும்."

"மூணு வாரம் நம்ம கையில இல்லப்பா. டாக்டர் நாள் கணக்குல பேசறார். அவ கேக்கறது அது ஒண்ணுதான். இன்னிக்கே ஏதாவது பண்ண முடியாதா?"

முடியும். அதுதான் வினை. முடியாது என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஒரு கிழவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்தச் சொல் பாசிக்கு வாயில் வரவில்லை.

மீன்களைத் தொட்டியில் விட்டு, குளத்தை முக்காலுக்கு மேல் வடித்தார். அடிச் சேற்றை அள்ளினார். பஞ்சுகளை அலசக் குளத்துத் தண்ணீர்தான் வேண்டும், ஆனால் மிச்சமிருந்ததெல்லாம் சேற்றுக் கூழ். அதில் அலசினால் மறுபடி கலங்கும். குழாயைக் கையில் எடுத்தார். பிறகு நான்கு பஞ்சுகளையும் குழாய்த் தண்ணீரில், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, வெளுக்க வெளுக்கக் கழுவினார். குளத்தில் நிரப்பிய புதுத் தண்ணீருக்கு மட்டும் மறக்காமல் குளோரின் முறிக்கும் மருந்தை ஊற்றினார். வால்வை முழுக்கத் திறந்தார்.

"சத்தம் வருமே" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கச் சொல்லுங்க சார். ஓட்டம் வேணும். இன்னொண்ணு, ஒரு வாரத்துக்கு மீனுக்குத் தீனியே போடக்கூடாது. பட்டினியில ஒண்ணும் ஆகாது. தின்னாத்தான் ஆபத்து."

சாயங்காலம் குளத்தின் அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம் போலிருந்தது. மாப்பிள்ளை வெயிலில் ஒரு சுற்று சுற்றி வந்தான். சன்னலுக்குள் அந்த அம்மா சத்தமில்லாமல் அழுதார். பாசி வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார்.

மறுநாள் வேறொரு வீட்டுக் குளத்திலிருந்து ஊறிய பழைய பஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து இங்கே போடுவதாக இருந்தார். அந்த வீட்டார் வெளியூர் போயிருந்தார்கள். திரும்பி வர மூன்று நாளாயிற்று. நான்காம் நாள் காலை, ஈரப் பஞ்சை வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுக்கொண்டு போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்கு ஓடினார்.

மாப்பிள்ளை தண்ணீர் விழும் இடத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். துடுப்பில் சிவப்புக் கோடுகள். பாசி சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, சோதனை மருந்தைச் சொட்டினார். நல்ல தண்ணீர் என்றால் மஞ்சளாக நிற்க வேண்டும். கரும்பச்சையாக மாறியது. குளம் விட்ட பச்சையெல்லாம் அந்தக் குழாய்க்குள் வந்து உட்கார்ந்துவிட்டது போலிருந்தது.

"தீனி போட்டீங்களா சார்?"

போஸ்ட்மாஸ்டர் தலை குனிந்தார். "அவ கேட்டா. அவன் மேல வந்து வாயத் திறக்கறதப் பாக்கணும்னா. ரெண்டு வேளை போட்டேன். மூணு நாளும்."

அவரைத் திட்டப் பாசிக்கு யோக்கியதை இல்லை. பாதித் தண்ணீரை மாற்றினார், கொண்டுவந்த பஞ்சை வைத்தார். காலம் கடந்துவிட்டது. மத்தியானம், அந்த அம்மா மருந்தில் மயங்கிக் கிடந்த நேரத்தில், மாப்பிள்ளை அடியில் ஒருக்களித்துச் சாய்ந்தான். தெளிந்த தண்ணீரில் அவன் கிடப்பது அப்பட்டமாகத் தெரிந்தது. இரண்டு பேருமாகத் தூக்கி வேலியோரம் குழி வெட்டிப் புதைத்தார்கள். போஸ்ட்மாஸ்டர் கையிலிருந்த மண்ணைத் தட்டக்கூட இல்லை.

"பாசி, இது மறுபடி பச்சையாக எத்தன நாளாகும்?"

பாசிக்குச் சட்டென்று புரியவில்லை.

"பச்சையா இருந்தா உள்ள இருக்கான்னு நெனச்சுக்குவா. அது போதும். அதுவரைக்கும் கண்ணு கூசுதுன்னு சன்னலச் சாத்தி வெக்கறேன்."

"இந்த வெயிலுக்கு ஒரு வாரம் போதும் சார். இந்தத் தண்ணியில பாசிக்கு வேண்டிய சத்து நெறையவே இருக்கு."

பொடி மீன்களை வாளியில் எடுத்துக்கொண்டார், பஞ்சு கொடுத்த வீட்டில் விட்டுவிடலாம் என்று. பச்சை ஏற வேண்டிய சத்தைத் தின்றுவிடுமே என்று அந்தப் பஞ்சையும் எடுத்துக்கொண்டார். பிறகு ஆயுசு முழுக்கத் தண்ணீரைத் தெளியவைத்துப் பிழைத்த அந்த மனிதர், தன் கையாலேயே வால்வை முக்கால்வாசி மூடிவிட்டு வந்தார். மீன் செத்ததைவிட இதுதான் அவரைக் கொன்றது.

அதிலிருந்து எட்டாம் நாள் அந்த அம்மா கூப்பிடுவதாகச் செய்தி வந்தது. சன்னல் திறந்திருந்தது. வெளியே பச்சைக் குளம் அசையாமல் கிடந்தது. அம்மாவின் குரல் மெலிந்திருந்தது.

"மாப்பிள்ளை எப்படி இருக்கான்?"

"இருக்கான்மா. அடியில கெடக்கான்."

"சரி." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "தண்ணி விழற சத்தம் கேக்கலையே பாசி?"

"உங்களுக்குத் தூக்கம் கெடும்னு சார்தான்..."

"எனக்கா?" அவர் குளத்தையே பார்த்தார். "உடம்பு நோகும்போது அந்தச் சத்தத்தப் பிடிச்சுக்கிட்டுதான் தூங்குவேன். ரெண்டு மாசம் முன்னாடி நின்னுபோச்சு. மோட்டார் பழுதுன்னு நெனச்சேன். பாவம், அவருக்கு இருக்கற வேலையில இது வேறயான்னு சொல்லாம விட்டுட்டேன். நடுவுல நாலு நாள் மறுபடி கேட்டுது. நல்லா தூங்கினேன்."

கஞ்சிக் கிண்ணத்தோடு போஸ்ட்மாஸ்டர் வாசற்படியில் நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. நாற்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். இந்த ஒன்றை அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை.

பாசி வெளியே போனார். மோட்டார்க் கூண்டைத் துடைத்தார். வால்வை முழுக்கத் திறந்தார். மீன் ஒன்றுகூட இல்லாத அந்தக் குளத்தில், கல்லின்மேல் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. சன்னலுக்குள் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலோரம் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த போஸ்ட்மாஸ்டர், அம்மா தூங்கும்வரை எழுந்திருக்கவில்லை.