உறைக்குள் நான்காவது துணி

தையல் டீச்சரின் மேஜை இழுப்பறையில் பதினெட்டு காகித உறைகள் இருந்தன. மாணவர் ஒருவருக்கு ஓர் உறை. அவர் காலமான பிறகு அவற்றைத் திறந்து பார்த்தவர்கள், பரிசோ நற்சான்றோ இருக்கும் என்று நினைத்திருக்கலாம். உள்ளே இருந்தவை முழ நீளத் துணித் துண்டுகள்தான். ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு, அதன் மேல் ஒரு தையல், ஓரத்தில் தேதி.

டீச்சரின் தையல் பயிற்சி மையத்தில் சேர்ந்த அன்றே எல்லோரும் ஒரு நேர்கோட்டின் மேல் தைக்க வேண்டும். பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே நீளம், அதே நூல், அதே மெஷின். பழைய துண்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்று தைத்தவரே முதலில் சொல்ல வேண்டும். பக்கத்து மெஷினைப் பார்க்கக்கூடாது. பிறகு டீச்சர் அளவுகோல் வைத்து, கோட்டிலிருந்து தையல் அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று அளந்து உறையின் மேல் ஒரு வரி எழுதுவார். மதிப்பெண் கிடையாது.

அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவர், பார்வை மங்கியதால் இருபத்தொரு வருடம் ஓட்டிய பஸ்ஸை விட்டவர். எல்லோருக்கும் டிரைவரண்ணன். கண்ணாடி போட்டால் கோடு தெரிந்தது. கால்தான் சொன்னபடி கேட்கவில்லை. மெஷின் மிதியை அவர் மிதித்தால் ஊசி பறக்கும்.

"அண்ணே, அடுத்த ஸ்டாப்ல இறக்கிவிடுங்க," என்பார் பக்கத்து மெஷின் அக்கா.

"டிக்கெட் எடுத்தியா நீ?" என்பார் இவர், துணியிலிருந்து கண்ணெடுக்காமல்.

முதல் துண்டில் விலகல் பதினொன்று. இரண்டாவதில் எட்டு. மூன்றாவதில் ஐந்து. அன்று அவர் துண்டுகளை மாற்றி மாற்றித் தடவினார். "இவ்வளவு வந்துட்டேனா?" என்று மெதுவாகக் கேட்டார். பயிற்சி முடிவில் நடக்கும் தேர்வுக்கு விலகல் இரண்டுக்குள் வர வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அதை டீச்சர் யாரிடமும் மறைத்ததில்லை.

நான்காவது துண்டில் ஒன்பது வந்தது. டீச்சர், "பின்வாங்கியிருக்கிறது. கால் மறுபடி கனக்கிறது" என்று எழுதினார்.

மறுநாள் டிரைவரண்ணன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. "வயசான காலத்துல இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு சொல்லிட்டாராம்," என்றார் பக்கத்து மெஷின் அக்கா. இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

மாலையில் மற்ற உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்த டீச்சருக்கு ஏதோ இடித்தது. அதே நாளில் தைத்த இன்னும் இருவருக்கும் விலகல் கூடியிருந்தது. மூவரும் ஒரே நாளில் மோசமாவார்களா? நான்காவது துண்டுகளை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தார். வழுக்கியது. வழக்கமான பருத்தி தீர்ந்ததும், அவசரத்தில் அதே வெள்ளையில் இருந்த, ரவிக்கைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் உள்துணிச் சுருளை வெட்டிக் கொடுத்தது அவர்தான். வழுக்குத் துணி ஊசிக்கடியில் நழுவும். தேர்ந்த கையே திணறும். அன்று அவர் அளவுகோலைப் பார்த்தாரே தவிர துணியைப் பார்க்கவில்லை.

உறையை எடுத்துக்கொண்டு நேராக டிரைவரண்ணன் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"அவரை விட்டுடுங்க டீச்சர். ரெண்டு நாளா சரியா சாப்பிடல."

"அவரைத் திட்ட வரலம்மா. நான் திட்டு வாங்க வந்திருக்கேன்."

டிரைவரண்ணன் வாசலுக்கு வந்ததும் டீச்சர் மூன்றாவது, நான்காவது துண்டுகளை அவர் கையில் வைத்தார். "கண்ணை மூடித் தொட்டுப் பாருங்க."

தொட்டவர் முகம் மாறியது. "இது வேற துணியாச்சே."

"ஆமா. உங்களை உங்களோடதான் ஒப்பிடணும்னு சொல்லிட்டு, ரோட்டை மாத்திட்டேன். அந்த வரியை அடிச்சுட்டேன். மத்த ரெண்டு பேர் உறையிலயும் அடிச்சாச்சு."

அவர் நான்காவது துண்டை மறுபடி ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். பிறகு, "மழை ரோட்டுல வண்டியை ஓட்டச் சொல்லிட்டு, ஏன்டா சறுக்குனன்னு கேட்டிருக்கீங்க," என்றார்.

"கேட்டுட்டேன். தப்புதான்."

உள்ளிருந்து மனைவி, "டீச்சரே தப்புன்னு சொல்றாங்க, இன்னும் என்ன முறுக்கிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார்.

மறுநாள் காலை அவர் பருத்தித் துணியில் தைத்தார். டீச்சர் அளவுகோலை அவரிடமே நீட்டினார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை அளந்தார்.

"மூணு."

"போன தடவை?"

"அஞ்சு." கொஞ்சம் நிறுத்தி, "இது தேர்வுக்குப் போதுமா டீச்சர்?" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லியிருப்பார்கள்.

"போதாது. ஆனா பதினொண்ணுல இருந்து வந்திருக்கீங்க."

டிரைவரண்ணன் தலையசைத்தார். பென்சிலை எடுத்துத் துண்டின் ஓரத்தில் தேதியை எழுதினார். தேதிக்குக் கீழே, தன் கையெழுத்தில், 'பருத்தி' என்றும் எழுதி உறைக்குள் வைத்தார்.